முப்பது விநாடி விளம்பரத்துக்கு ஒரு குரல் தேவை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். மற்ற நாளில் அது பாதி பொய். குரல் மாதிரிகள் கேட்கும் நாளில் முழு உண்மை.

மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் சின்ன ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, நடுவில் ஒரு மைக், பக்கத்து அறையில் கணினி. உள்ளூர் எஃப்.எம்.மிலும், ஆட்டோ ஒலிபெருக்கியிலும், கடை வாசலிலும் ஓடுகிற சின்னச் சின்ன விளம்பரங்களை எழுதிப் பதிவு செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. நான் நாகர்கோவில்காரி. மேற்கே வந்து கடை போட்டு நாலு வருடம் ஆகிறது. இந்தப் பக்கத்துப் பேச்சு பழகிவிட்டது, ஊர் முழுக்கப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய நினைப்பு என்று பிறகு தெரிந்தது.

களியக்காவிளையில் ஒரு கல்யாண ஜவுளிக் கடை திறக்கப் போகிறார்கள் என்று வேலை வந்தது. முதலாளி வளைகுடாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். மரியாதையான மனிதர், பேச்சு கொஞ்சம்தான். திறப்பு விழாவுக்கு மூன்று விளம்பரம் கேட்டார். வழக்கமாக நான் கூப்பிடும் ஆண் குரல்காரர் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். இயந்திரக் குரலை வைத்து ஒன்று செய்து பார்த்தேன். களியக்காவிளையை அது சொன்ன விதத்தைக் கேட்டு முதலாளியே சிரித்துவிட்டார். ஆகவே வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்புப் போட்டேன்.

ஆண் குரல் தேவை. மொழி: தமிழ், நம் ஊர்க்காரர் பேசுவது போல் இருக்க வேண்டும், ழகரம் சுத்தமாக. நேரம்: முப்பது விநாடி, மூன்று விளம்பரம். கட்டணம்: ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், ஒரு திருத்தம் உட்பட, ஆறு மாதம் பயன்படுத்துவோம். மாதிரி: இருபது விநாடி, பின்னணி இசை இல்லாமல், அமைதியான அறையில் பதிந்து, குரல் செய்தியாக அல்லாமல் கோப்பாக அனுப்பவும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நான் கேட்கவில்லை.

இசை வேண்டாம் என்றால் வீணை வைத்து அனுப்புவார்கள். அமைதியான அறை என்றால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவர் குளியலறையில் நின்று பதிந்திருந்தார், வாளியில் தண்ணீர் சொட்டியது. ஒருவர் பிரசங்கம் செய்தார். ஒருவர் அப்படியே ஒரு நடிகரின் குரலில் மிரட்டினார். பதினேழு மாதிரி கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

பதினெட்டாவது மாதிரி கொஞ்சம் வித்தியாசம். எதைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை அல்லவா, அந்த மனிதர் என் அறிவிப்பையே படித்து அனுப்பியிருந்தார். “ஆண் குரல் தேவை. மொழி, தமிழ்.” என்ன நிதானம்! ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்துச் சொன்னார். “ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்” என்று அவர் சொன்னபோது நான் ஏதோ பெரிய தர்மம் செய்கிறவளைப் போல எனக்கே தோன்றியது. ழகரம் தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே போன் செய்து மறுநாள் காலை வரச் சொன்னேன்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மைக்குக்கு முன்னால் கூச்சமே இல்லை. பக்கத்தைப் புரட்டும் சத்தம் விழக்கூடாது என்று தாளை அவரே அட்டையில் கிளிப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பழகிய ஆள்தான் என்று நினைத்தேன். எங்கே பழகினார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முப்பது விநாடிக்கு நாற்பத்தைந்து சொல்லுக்கு மேல் எழுதினால் படிக்கிறவனுக்கு மூச்சு முட்டும். அளந்துதான் எழுதியிருந்தேன். ஆனாலும் முதல் தடவை முப்பத்தாறு விநாடி போனது. சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், சிரிப்பு குரலில் கேட்கும் என்றேன். அவர் சிரிக்கப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஐந்தாவது தடவை முப்பதில் வந்து நின்றது. மற்ற இரண்டு விளம்பரமும் அதன் பிறகு சுலபமாக முடிந்தன. ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. கடையின் பெயரைச் சொன்னதும் ஒரு மூச்சு அளவு நிறுத்துவார், அப்புறம்தான் “உங்களை வரவேற்கிறது” என்பார். பெயர் காதில் தங்கட்டும், நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

மதியம் முதலாளி வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். பாதியில் அவர் முகம் மாறியது. கழற்றி மேசையில் வைத்தார்.

“மேடம், இந்த ஆளு யாருண்ணு தெரியுமா உங்களுக்கு?”

“நல்ல குரல் இல்லையா?”

“எங்க பக்கத்துல யாரு மரிச்சாலும் ஆட்டோல மைக்கு கெட்டி அறிவிக்கியது இவருதான். பதினோரு வருசமா. இந்தச் சத்தம் கேட்டா ஜனங்க கைவேலய விட்டுட்டு வாசலுக்கு வருவினும், யாருக்கோ எளவு வந்தாச்சுண்ணு.”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. “கல்யாண ஜவுளிக்குப் பொருத்தம் இல்லை என்கிறீர்களா?” என்று கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். “கடைக்கி வச்சிருக்கது எங்க அப்பாவுக்க பேரு. ரெண்டு வருசத்துக்கு முன்ன அந்தப் பேர இதே மாதிரி சொல்லி, இதே மாதிரி ஒரு மூச்சு நிப்பாட்டி, ‘காலமானார்’ண்ணு இவருதான் சொன்னாரு. நான் அண்ணைக்கு பிளைட்டுல இருந்து எறங்கி வந்து ஜங்ஷன்லதான் அதக் கேட்டேன். வேற ஆள வச்சுப் பண்ணுங்க மேடம்.”

அவர் போன பிறகு எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. மொழி கேட்டேன், நேரம் சொன்னேன், கட்டணம் சொன்னேன், மாதிரி கேட்டேன். இதற்கு முன் மைக்கில் என்ன படித்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த மனிதரை வீணாக வரவழைத்திருக்க மாட்டேன். போனில் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். பதிவு முடிந்துவிட்டது, கட்டணம் முழுவதும் தந்துவிடுவேன் என்றும் சொன்னேன்.

அவர் மறுத்தார். “பைசா வேண்டாம் மேடம். ஓடாத விளம்பரத்துக்கு பைசா வாங்கியது சரியில்ல. நாந்தான் உங்ககிட்ட மொதல்லயே பறஞ்சிருக்கணும். பறஞ்சா கூப்பிட மாட்டியளோண்ணு ஒரு பேடி, பயந்துட்டேன்” என்றார். “எனக்க மவ டவுணுக்குப் போய்ப் படிக்கா. அப்பா விளம்பரத்துல பேசப் போறாருண்ணு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா. இந்த வாயால ஊருக்கு ஒரு நல்ல காரியம் சொல்லணும்ணு பதினோரு வருசமா ஆச. கல்யாணத்துக்கு யாரும் எனக்கு மைக்கு தர மாட்டினும். சரி, பரவாயில்ல மேடம்.”

அவர் கெஞ்சியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். பரவாயில்லை என்றதுதான் என்னை உட்காரவிடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே களியக்காவிளை போனேன். ஒரே ஒரு தெருவில், ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போம், ஜனங்கள் முகம் சுளித்தால் நானே இரண்டு நாளில் வேறு குரல் பிடித்துத் தருகிறேன், என் செலவில் என்று வாதாடினேன். வாதாடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, சண்டைதான் போட்டேன். கடைசியில் முதலாளி, “சரி, எங்க தெருவுலயே போட்டுப் பாருங்க. நீங்களே காணுவிய” என்றார். எனக்குப் பாடம் படிப்பிக்கத்தான் சொன்னார்.

நம்முடைய குரல்காரருக்கும் விஷயத்தைச் சொன்னேன். “நானும் வரட்டா மேடம்? தூரமா நிக்கேன்” என்றார்.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. நானும் முதலாளியும் அவர் வீட்டு மதிலோரம் நின்றோம். நம்முடைய ஆள் தெருமுனையில், டீக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றார். குரல் கிளம்பியது. முதலாளி சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஈரக் கையோடு வந்தாள். சைக்கிளில் போனவர் இறங்கித் தலைத்துண்டை எடுத்தார். எதிர்வீட்டில் டிவியை அணைத்தார்கள். அந்தப் பெயர் வந்தது, அந்த ஒரு மூச்சு நின்றது. நான் எழுதிய விளம்பரத்தை இத்தனை பேர் இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை, ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“உங்களை வரவேற்கிறது” என்றதும் துணி துவைத்த பெண்தான் முதலில் சிரித்தாள். “எம்மாடி, நல்ல காரியமாக்கும்!” சைக்கிள்காரர் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டு, “பட்டுக்கு வெலக் கொறவு உண்டாண்ணு கேளும்” என்று ஆட்டோக்காரரிடம் கத்தினார். தெரு முழுக்கப் பேச்சு கிளம்பியது.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் கதவு திறந்தது. முதலாளியின் அம்மா வெளியே வந்தார். வெள்ளைச் சேலை, மெலிந்த உடம்பு. முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. “அம்மா, நீ உள்ள போ. நிப்பாட்டச் சொல்லுகேன்” என்று கையைப் பிடித்தார்.

“விடுலே” என்றார் அம்மா. “இது அந்தப் பிள்ளைக்க சத்தமில்லியா? எங்க அவன்?”

நான் தெருமுனையைக் காட்டினேன். கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் வந்து, திட்டு வாங்கத் தயாராக நிற்பவரைப் போல மதிலுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“அண்ணைக்கு இந்த வீட்டுல எல்லாரும் ‘பாடி எப்ப வரும், பாடி எப்ப எடுக்கியது’ண்ணுதான் பேசினாங்க. நேத்து வரைக்கும் பேரு உள்ள மனுசன், ஒரே நாள்ல பாடி ஆயிட்டாரு. அவருக்க பேர, இனிசியலோட, அவர்கள்ணு மரியாதையாச் சொன்னது நீ ஒருத்தன்தான். உள்ள கெடந்து அதக் கேட்டுத்தான் நான் அழுதேன். இப்பவும் அந்தப் பேரச் சொல்லி நீ நிப்பாட்டினப்ப எனக்கு நெஞ்சு நிண்ணு போச்சு. அதுக்க பொறவு நீ ‘வரவேற்கிறது’ண்ணு சொன்ன.” அம்மா மகன் பக்கம் திரும்பினார். “இவன்தாம்லே சொல்லணும். வேற எவன் சொன்னாலும் அது கடைக்க பேருதான். இவன் சொன்னா உங்க அப்பாவுக்க பேரு.”

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோக்காரரைப் பார்த்து, அடுத்த தெருவுக்குப் போகும்படி கை காட்டினார்.

நம்முடைய ஆள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அம்மா, பேர நான் சரியாச் சொன்னேனா?” என்று கேட்டார்.

“ரெண்டு தடவையும் சரியாச் சொன்ன மக்கா” என்றார் அம்மா.