லாகில் விழுந்த முதல் வரி

லவினா தினமும் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்குப் போகிறவள். அங்கே ஒரு கட்டடப் பராமரிப்பு கம்பெனியின் சர்வர்கள் அவள் பொறுப்பு. அதே கம்பெனியின் ஸ்டோரில் டைட்டஸ், பில்லிங்கில் பியூலா. மூவருக்கும் ரயிலில் ஒரே பெட்டி.

ஒன்பது மணிக்குள் ஆபீசிலிருந்து வருகை பதிய வேண்டும். ரயில் தாமதமானால் டைட்டஸின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து பெட்டியிலிருந்தே பதிந்துவிடுவார்கள். வருகை பதியும் இணையப் பக்கம் சிடிஎன் என்னும் இடைத்தரகு சர்வர்கள் வழியாக வருவதால், கம்பெனி சர்வரில் ஓடும் என்ஜின்எக்ஸின் லாகில், அதாவது வந்து போனவர்களின் பதிவேட்டில், யார் எங்கிருந்து வந்தாலும் சிடிஎன்னின் இணைய முகவரிதான் விழும். அந்த மறைவில்தான் பெட்டி பிழைத்தது.

மேனேஜர் மமதாவுக்குச் சந்தேகம் வந்தது. உண்மையான முகவரி லாகில் வரவேண்டும் என்றார்.

வேலை சிறியது. வந்தவரின் முகவரியைச் சிடிஎன் ஹெடர் என்னும் தலைக்குறிப்பில் எழுதி அனுப்புகிறது. சிடிஎன் வெளியிட்டிருக்கும் முகவரிகளிலிருந்து வந்தால் மட்டும் அந்த ஹெடரை நம்பு என்று என்ஜின்எக்ஸுக்குச் சொல்ல வேண்டும். எல்லோரையும் நம்பச் சொன்னால் யார் வேண்டுமானாலும் பொய் முகவரி எழுதி அனுப்பலாம். லவினா சரியாகவே எழுதி, சோதித்து, ரீலோட் செய்தாள். பழைய வரிகளில் முகவரி மாறாது. அவளுக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான். இனி ஆபீஸ் முகவரி இல்லாத வரியை வருகை நேரத்தோடு ஒப்பிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

திரும்பும் ரயிலில் இருவரிடமும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் பங்காருபேட்டை தாண்டி ரயில் நின்றது. இருபுறமும் புதர். ஒன்பது நெருங்கியது.

"இன்னா லவினா, நம்மள நீயே கூண்டுல வச்சிப் பூட்டிட்ட" என்றார் டைட்டஸ். "இந்த மாசம் இன்னொரு லேட்டுன்னா எனக்கு மெமோ. அப்புறம் வூட்டுக்குத்தான்."

"லேப்டாப் மடியிலதானே கீது, நேத்து நீ எழுதுன அந்த வரிய எடுத்துடு" என்றாள் பியூலா. "சாயங்காலம் திருப்பிப் போட்டுக்க."

"எடுத்தா காலைல மட்டும் சிடிஎன் முகவரியா நிக்கும்க்கா. மமதா மேடம் அதத்தான் மொதல்ல கேப்பாங்க."

"அப்ப இன்னாதான் வழி?"

வழி இல்லை. பியூலா சொன்னதைச் செய்தாலும் தப்பு, செய்யாவிட்டாலும் தப்பு. உண்மையை லாகில் கொண்டுவந்ததை ஒரு நல்ல காரியமாக அவளால் நினைக்க முடியவில்லை. ரயில் நின்ற காரணத்துக்கு அந்த லாகில் இடமே இல்லை.

டைட்டஸ் போனை எடுத்தார். விரல் வருகைப் பொத்தானுக்கு மேலே நின்றது.

"இருங்கண்ணா."

லவினா அவர் ஹாட்ஸ்பாட்டிலேயே தன் வருகையைப் பதிந்தாள். பிறகு லேப்டாப்பில் லாகைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். கடைசியில், பெட்டியிலிருந்து விழுந்த முதல் வரியாக, அந்த ஹாட்ஸ்பாட்டின் முகவரி தெளிவாக நின்றது.

"பைத்தியமா நீ?" என்றார் டைட்டஸ்.

"மாட்டுனா, லாக மாத்துனவளே மாட்டட்டும். கூப்ட்டுக் கேப்பாங்க இல்ல, அப்ப ரயிலப் பத்திப் பேசறேன்."

"கேக்கலன்னா?"

லவினா லேப்டாப்பை மூடினாள். டைட்டஸ் ஹாட்ஸ்பாட்டை அணைக்கவில்லை; வருகையும் பதியவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் நகரவில்லை.