மழைக்குப் படிச்ச விராட பருவம்: உடையார்கட்டில ரெண்டு நாள்

சனிக்கிழமை விடிய அஞ்சே முக்காலுக்கு யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டில ஏறினன். பஸ் வெளிக்கிட முதலே அம்மா ரெண்டு தரம் கோல் எடுத்திட்டா. ரெண்டையும் கட் பண்ணினன். ஆனையிறவைத் தாண்டேக்கை மூண்டாவது. கட். இருபத்திமூண்டு வயசுப் பெடியன் எங்க நிக்கிறான் எண்டு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காச் சொல்லோணுமெண்டா, அது வாழ்க்கையே?

போற விசயம் இதுதான். என்ர கம்பஸ் பட்ச்மேற் கஜன்ர ஊர் உடையார்கட்டு. ஐப்பசி பாதி போயும் மழை இல்லை, விதைச்ச நெல்லு புழுதியில கிடக்கு. மழை பிந்தினா அங்கத்தைப் பிள்ளையார் கோயில்ல பாரதம் படிப்பினம். முழுக்க இல்லை, விராட பருவம் மட்டும். ஒராள் பாட்டை ராகத்தோட வாசிப்பார், பக்கத்தில இருக்கிறவர் அதுக்குப் பயன் சொல்லுவார், அதாவது கருத்தை எங்கட கதையில விரிச்சுச் சொல்லுறது. அந்தப் பயன் சொல்லுறவர் கஜன்ர அப்பா.

"மச்சான், அப்பாவுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு, காத்துத்தான் வருது" எண்டான் கஜன் போனில. "நீதானே இந்து நாகரிகம் ஸ்பெஷல் செய்யிறாய். வந்து சமாளி."

மூண்டாம் வருசம் முடிச்ச ஆளிட்டை இப்பிடிக் கேட்டா விடுவனே? பந்தாவா "ஓம்" எண்டன்.

பரந்தன் சந்தியில எட்டு மணிக்கு முதலே இறங்கி, பிளேன்ரீயும் ரோல்ஸும் அடிச்சிட்டு முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடிச்சன். இருபத்தஞ்சு கிலோமீற்றர் சொச்சம், ரெண்டு பக்கமும் வயல். வயலெண்டா பச்சை எண்டு நினைக்காதேங்கோ. பிஸ்கற் கலர்.

"எங்க தம்பி, கலியாண வீடே?" எண்டார் கொண்டக்டர், நான் வேட்டி வைச்சிருந்த பையைப் பாத்திட்டு.

"இல்லை அண்ணை, மழைக்குப் பாரதம் படிக்கப் போறன்."

"அப்ப காசு வேண்டாம். மழை பெய்தாத் தாங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வடிவா எண்ணி வாங்கினார்.

கஜன் சந்தியில மோட்டசைக்கிளோட நிண்டான். நேர கோயில். சின்னக் கோயில்தான், தகரக் கொட்டில் முன்னுக்கு, பின்னுக்குக் குளக்கட்டு. பூசை செய்யிற ஐயா கும்பம் வைச்சு வருண செபம் செய்துகொண்டிருந்தார். இது வேதத்தில வாற துதி. எங்கட சிலபஸில முதல் அடுக்கு: தேவர்களைக் கூப்பிட்டுப் பாடினது, அக்கினிக்கு முன்னால சொல்லுறது. எழுதிப் படிச்சதில்லை, காதால கேட்டு வாயால வந்தது. அதால ஒரு எழுத்தைக்கூட மாத்தேலாது.

முடிய ஐயாவைப் பிடிச்சன். "ஐயா, இஞ்ச ஒருத்தருக்கும் அர்த்தம் விளங்காதெல்லோ?"

"விளங்கினா நல்லம். விளங்காட்டியும் வேலை செய்யும்" எண்டார், கும்பத் தண்ணியை எனக்கும் தெளிச்சு. "ஏத்த இறக்கம் பிழைச்சா மட்டும் செய்யாது. இது வருணனுக்குத் தம்பி. சனத்துக்குச் சொல்லுறது பின்னேரம் உங்கட வேலை."

பிறகு தீபம் காட்டி, நாலு வேதத்திலயும் ஒவ்வொரு துண்டு சொல்லி நிப்பாட்டினார். அந்த இடத்தில கஜன்ர தங்கச்சி பஞ்சபுராணம் பாடினாள். தேவாரத்தில தொடங்கி அஞ்சு பாட்டு, கடைசி புராணத்தில ஒண்டு. அதுக்குச் சனம் எல்லாம் சேந்து வாயசைச்சுது. வேதத்துக்கு அசைஞ்ச வாய் ஐயாவின்ர மட்டும்தான். மூண்டு வருச லெக்சரை அந்தப் பத்து நிமிசத்தில பாத்த மாதிரி இருந்தது, சத்தியமா.

பூசை முடியிற நேரம் ஒரு மாமி அர்ச்சனைத் தட்டை நீட்டினா. "சுதன். விருச்சிக ராசி, அனுச நட்சத்திரம்." ஐயா கேக்கவே இல்லை, அவரே சேந்து சொன்னார்.

அவா கஜன்ர அப்பான்ர அக்கா, தவமணி மாமி. மத்தியானச் சாப்பாடு அவா வீட்டில. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, மோர்மிளகாய். நான் மூண்டாம் தரம் சோறு போட்டன். "சுதன் உங்கட மகனே மாமி? வெளிநாடோ?" எண்டும் கேட்டன், சும்மா.

கஜன் மேசைக்குக் கீழால காலை மிதிச்சான்.

"தெரியாது ராசா" எண்டா மாமி, குழம்பை விட்டபடி. "சண்டையின்ர கடைசி நாளில, சனத்துக்குள்ள என்ர கையை விட்டவன். பதினேழு வயசு. வறை போடட்டே?"

கிணத்தடியில கை கழுவேக்கை கஜன் முழுக்கச் சொன்னான். அர்ச்சனை உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேருக்குத்தான் செய்யிறது. செத்த ஆக்களுக்கெண்டா தர்ப்பணம், திவசம். மாமி இத்தனை வருசமா அர்ச்சனைப் பக்கம் நிக்கிறா. தம்பிக்காரன், அதான் கஜன்ர அப்பா, எனக்கு அங்கிள், இந்த முறை விடமாட்டனெண்டு நிக்கிறார். வாற அமாவாசைக்கு அக்காவைக் கீரிமலைத் தீர்த்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடமையைச் செய்விக்கோணும், பெடியன்ர ஆத்துமா அலையக்கூடாது எண்டு. மாமி சொன்ன மறுமொழி: "விராட பருவம் கேட்டு முடியட்டும், சொல்லுறன்."

"ஏன் மச்சான் அதைக் கேட்டுச் சொல்லுறன் எண்டவா?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே பயன் சொல்லப்போறாய்."



பின்னேரம் அஞ்சு மணி. கொட்டிலுக்குள்ள அறுபது பேர் வருவினம். ஆம்பிளையள் ஒரு பக்கம், பொம்பிளையள் ஒரு பக்கம். வாசிக்கிறவர் பென்சன் எடுத்த போஸ்ற்மாஸ்ரர், கண்ணாடியை நூலால காதில கட்டியிருந்தார். அங்கிள் எனக்குப் பக்கத்தில கழுத்தில துவாயோட.

நான் தொடங்கினது பிழை. முதல் பாட்டு முடிய, பாரதத்தை விட்டிட்டு உபநிடதத்துக்குப் பாய்ஞ்சன். யமன்ர வாசல்ல மூண்டு இரவு சாப்பாடில்லாமல் காத்திருந்து, செத்தாப் பிறகு ஆள் இருக்கோ இல்லையோ எண்டு கேட்ட பெடியன்ர கதை. ஆத்துமா, பிரமம், தேர், குதிரை எண்டு ஒரே லெக்சர்.

ட்ராக்டர் ஓடுற மூர்த்தி அண்ணை பின்னுக்கிருந்து சத்தம் போட்டார். "தம்பி! நாங்கள் மழைக்கு வந்தனாங்கள். மோட்சம் வெள்ளாமை வெட்டினாப் பிறகு பாப்பம்!"

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. போஸ்ற்மாஸ்ரர் கண்ணாடிக்கு மேலால பாத்து மெல்லமாச் சொன்னார்: "அது பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்லுறதில்லை மோனை. கேள்வி உள்ளவன் பக்கத்தில வந்து இருந்து கேக்கிறது. நீர் கேள்வி வரமுன்னம் மறுமொழி சொல்லுறீர். கதைக்கு வாரும்."

வந்தன். கதைக்கு வந்தாப் பிறகு சனம் எப்பிடிப் பாக்குது தெரியுமோ? பன்னெண்டு வருசம் காடு. பதின்மூண்டாம் வருசம் ஒருத்தருக்கும் தெரியாமல் ஒளிச்சிருக்கோணும், பிடிபட்டா திரும்பவும் பன்னெண்டு வருசம். அரசனா இருந்தவர் சூதாட்டத் துணையாப் போறார், வீமன் குசினிக்குப் போறான், அருச்சுனன் டான்ஸ் ரீச்சர். மூர்த்தி அண்ணைக்கே முகம் பூத்திட்டுது. எனக்கும் ஏறிட்டுது. பாட்டில இல்லாத ஒரு விசயத்தையும், வடமொழிப் பாரதத்தில படிச்சதை, எடுத்து விட்டன்.

"ஆயுதமெல்லாத்தையும் சுடலைக்குக் கிட்ட ஒரு வன்னி மரத்தில கட்டினவை. ஆரும் கிட்ட வரக்கூடாதெண்டு ஒரு பிணத்தையும் சேத்துக் கட்டினவை. மாடு மேய்க்கிற ஆக்கள் கேக்க, இது எங்கட தாய், நூத்தியெண்பது வயசு, குல வழக்கப்படி கட்டியிருக்கிறம் எண்டு சொன்னவை!"

சிரிப்பினம் எண்டு நினைச்சன். பொம்பிளையள் பக்கத்தில இருந்து ஒரு குரல்.

"உண்மைத் தாய் அப்ப எங்க?"

தவமணி மாமி. எழும்பி முன்னுக்கு வந்து, கை எட்டுற தூரத்தில எனக்கு முன்னால நிலத்தில இருந்தா.

"குந்தி... விதுரர் வீட்டில மாமி. பதின்மூண்டு வருசமும் அங்கதான்."

"பிள்ளையள் எங்க எண்டு அவவுக்குத் தெரியுமே?"

"காட்டில இருக்கேக்கை சேதி வந்திருக்கும். ஒளிச்ச வருசம் ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாமல் என்ன செய்தவா?"

போஸ்ற்மாஸ்ரர் புத்தகத்தில விரலை வைச்சபடி என்னைத்தான் பாத்தார். இந்தப் பருவத்தில அதுக்கு மறுமொழி இல்லை. ஆனா அடுத்ததில இருக்கு. செமினாருக்கு நான் செய்த பகுதி. ஏன்டா செய்தன் எண்டு இருந்தது.

"சண்டைக்கு முதல் கண்ணன் தூது போறார் மாமி. அப்ப விதுரர் வீட்டுக்குப் போய்க் குந்தியைப் பாக்கிறார். அவா அழுறா. காணாமல் போன ஆக்களுக்குச் சனம் செத்ததா வைச்சுச் சிரார்த்தம் செய்யிறது, என்ர பிள்ளையளும் எனக்கு அப்பிடித்தான், நானும் அவைக்குச் செத்த மாதிரித்தான் எண்டு சொல்லுறா."

அங்கிள் துவாயை இழுத்துவிட்டு, இல்லாத குரலால கத்தினார். "கேட்டியே அக்கா! குந்தியே சொல்லியிருக்கிறா! செய்யிறதுதான் வழக்கம்!"

மாமி அவரைத் திரும்பிப் பாக்கேல்லை. கண் என்னிலதான்.

"சொன்னவா. செய்தவாவே?"

அங்கிள் என்ர முழங்கையைப் பிடிச்சார். "சொல்லு தம்பி, செய்தவா எண்டு. அக்கா ஒருக்கா அழுது முடிக்கட்டும்." அவரிலயும் பிழை இல்லை. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அவருக்கும் மருமோன்தானே.

"செய்யேல்லை மாமி" எண்டன். "நான் படிச்ச அளவில அவா செய்ததா எங்கயும் இல்லை."

"பிள்ளையள் அந்த நேரம் உயிரோடதானே?"

"ஓம். உயிரோடதான்."

"அதுதான்" எண்டா மாமி.

பிறகு சேலையைச் சரி செய்து, "வாசியுங்கோ மாஸ்ரர், பெடியள் இன்னும் ஒளிச்சிருக்கிறாங்கள்" எண்டா. அவர் வாசிச்சார். நான் சொன்னன். அருச்சுனன் மரத்தில இருந்து வில்லை இறக்குவிச்சு, நான் இன்னார் எண்டு பேர் சொல்லுற இடம் வரேக்கை ஐயா மணி அடிச்சார், எல்லாரும் எழும்பி நிண்டவை. மாமி மட்டும் எழும்பேல்லை. இருந்தபடி வாய்க்குள்ள என்னவோ சொல்லிக்கொண்டிருந்தா. ரெண்டடி தூரத்தில இருந்ததால எனக்குக் கேட்டது. ராசி, நட்சத்திரம்.

ஞாயிறு காலமை ஒரு சொட்டு மழை இல்லை. மூர்த்தி அண்ணை என்னை ட்ராக்டரில சந்தியில கொண்டுபோய் விட்டார். "வருணனுக்கு லைன் பிசி போல" எண்டார். வெளிக்கிடமுதல் நானும் கஜனும் மாமி வீட்டுக்குப் போனனாங்கள். அங்கிள் கதிரையில குந்தி இருந்தார், மாமி மல்லித்தண்ணி அவிச்சுக் குடுத்துக்கொண்டிருந்தா.

"அமாவாசைக்குக் கீரிமலைக்கு வாறன் தம்பி" எண்டா அவரிட்டை. அங்கிள் நிமிந்து பாத்தார். "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீ செய். நான் குளிச்சிட்டு நிக்கிறன். அவன்ர பேர் மட்டும் அங்க சொல்லாதை."

அங்கிள் கனநேரம் மல்லித்தண்ணியை ஊதினார். பிறகு தலையாட்டினார்.

எனக்கு ஒரு பாசலில முறுக்குச் சுத்தித் தந்தா. "போய்ச் சேந்த உடன கஜனுக்குச் சொல்லும், அவன் எனக்குச் சொல்லுவான்."

பரந்தனில இறங்கி யாழ்ப்பாணப் பஸ்ஸுக்கு நிக்கிறன். வெயில் மண்டையைப் பிளக்குது. எங்கட வீட்டிலயும் அலுமாரி நிறையப் புத்தகம், பட்டுத் துணி சுத்திச் சாமியறையில ஒரு பாரதமும் கிடக்கு. சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வைக்கிறதோட சரி, அதிட்டை ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்லை.

போன் அடிச்சுது. அம்மா.

"எங்கையடா நிக்கிறாய்?"

"பரந்தன் சந்தியில அம்மா. தேத்தண்ணிக் கடைக்கு முன்னால, வேப்பமர நிழல்ல. நீலச் சேட்டு. பஸ் இன்னும் வரேல்லை."

"என்னடா, சுகமில்லையே உனக்கு?"

"சுகமா இருக்கிறன்" எண்டன். "ஆனையிறவு தாண்டினவுடன நானே எடுக்கிறன்."