முந்திரிக்குக் குளிர் வந்த நாள்

என் தங்கை வீட்டுக்காரருக்கு லிஃப்ட் கம்பெனியில் வைத்த பெயர் முந்திரி. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், மற்றவர்கள் சாவியைத் தேடுவதற்குள் இவர் நாலு மாடி ஏறியிருப்பார். கல்யாணப் பேச்சில்கூட, பெண் வீட்டார் கேட்பதற்கு முன்பே "எனக்குச் சம்மதம்" என்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் பாதி கேட்டுவிட்டு ஓடுகிறவர்.

தங்கை ஆறு மாதக் கர்ப்பம். ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்று வந்தது. முந்திரிக்கும் அதேதான், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் வேறு. எங்கிருந்து வந்தது என்று யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. அன்றைக்கு அவரைப் பிடித்து நாலு அறை விட எனக்குக் கை பரபரத்தது. தங்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவைக் கேட்டாள், "பிள்ளைக்கு?"

"பெனிசிலின் போட்டா காப்பாத்திடலாம்மா. தள்ளிப்போடத்தான் கூடாது."

முந்திரி முந்திக்கொண்டார். "எனக்கு முதல்ல போடுங்க. எனக்கு ஒத்துக்கிட்டா அவளுக்கு."

அது வேறு உடம்பு, இது வேறு உடம்பு என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். தங்கையும் பயத்தில் நாளைக்கு வருகிறேன் என்றுவிட்டாள். அன்றைக்குக் காலையிலேயே முந்திரியின் இடுப்பில் ஊசி ஏறியது. அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அரிப்பு இல்லை, வீக்கம் இல்லை. "சாயங்காலம் போல காய்ச்சல் வரலாம்..." என்று நர்ஸ் ஆரம்பிக்கும்போதே முந்திரி வாசலைத் தாண்டிவிட்டார்.

மாலை நான் சரக்கு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கை போனில் அழுதாள். ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு போர்வைக்குள் முந்திரி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தார். உடம்பு கொதித்தது. புள்ளிகள் முன்னைவிடச் சிவந்திருந்தன.

"ஊசி ஒத்துக்கல மச்சான். அவளுக்கு வேணாம். இது அலர்ஜி."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கும் பேய்தான் தெரிந்தது. இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றினேன். சிக்னல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்திருந்தார். முந்திரியைப் பார்த்ததும் பையை வைத்தார். முகம், உதடு, நாக்கு பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார். சிவந்த புள்ளிகளைத் தடவி, தடிப்பு ஏதும் இல்லை என்றார்.

"அரிக்குதா?"

"இல்ல. குளிருது. தலை பிளக்குது."

"பெனிசிலின் அலர்ஜின்னா பெரும்பாலும் போட்ட கொஞ்ச நேரத்துலயே காட்டிடும். தடிச்சுத் தடிச்சு அரிக்கும், முகம் வீங்கும், மூச்சு இழுக்கும். இது மணிக்கணக்கா கழிச்சு வந்த குளிர்காய்ச்சல். மருந்து அடிச்சதுல கிருமி கூட்டம் கூட்டமா சாகுது. அது உடைஞ்சு ரத்தத்துல கலக்குறதுனால உடம்பு கொதிக்குது. அதனாலதான் இருந்த புள்ளியும் சிவக்குது. பாராசிட்டமால் போதும், ஒரு நாள்ல இறங்கிடும்."

"அப்ப கேஸ் ஷீட்ல அலர்ஜின்னு எழுத மாட்டீங்களா?" என்றேன்.

"தப்பா எழுதிட்டா காலத்துக்கும் இவருக்கு இந்த மருந்து இல்லன்னு ஆயிடும். உங்க தங்கச்சியும் அதைப் பார்த்துப் பயந்து ஓடினா, வயித்துப் பிள்ளைக்கு நம்பிப் போட வேற மருந்து கிடையாது."

டாக்டரம்மா தங்கையிடம் ஒளிக்கவில்லை. அவளுக்கும் இந்தக் காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் வயிறு இறுகலாம், பிள்ளையின் அசைவு கொஞ்சம் குறையலாம். அதனால் வார்டிலேயே வைத்துக் காலையில் போட்டு, பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வோம் என்றார்.

தங்கை புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவர் குடுத்த நோயையே வாங்கிக்கிட்டேன். இந்தக் காய்ச்சலையும் வாங்கிக்கிறேன். என் பிள்ளைகிட்ட எதுவும் போகக் கூடாது. கட்டில் குடுங்க."

என் தங்கையா இது என்று இருந்தது.

விடிந்தபோது முந்திரிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தங்கைக்கு ஊசி போட்டார்கள். மதியத்துக்கு மேல் அவளுக்கும் குளிர் ஆரம்பித்தது, வயிறும் இறுகியது. நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினாள். பிறகு குதிரை ஓடுவதுபோல் டக்டக்கென்று பிள்ளையின் இதயம் கேட்டது. சாயங்காலத்துக்குள் இறுக்கமும் விட்டது.

முந்திரி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகச் சொல்லி நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள். அவர் அசையவில்லை. தங்கை அவர் முகத்தைப் பார்க்காமலே தன் போர்வையின் ஒரு முனையைக் கீழே தள்ளிவிட்டாள்.