என் குரலுக்கு எழாத போன்

காலை ஆறு நாற்பத்தைந்துக்கு நான் விழுந்தேன். நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். பால் பாக்கெட் போடுகிறவர் வாசல் கம்பியில் பையை மாட்டிவிட்டு மணியை ஒரு தடவை அடிப்பார், அது எப்போதும் ஆறே முக்கால்தான். அந்த மணிக்கு வாசலுக்குப் போகத் திரும்பினேன். பின்கட்டில் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி மழைக்காலப் பாசி. இடது கால் வழுக்கி மடங்கியது. கல்லைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தேன். காலை ஊன்ற முடியவில்லை.

போன் அடுக்களை மேடையில் இருந்தது. நடுவே பத்தடி தூரம், கதவும் திறந்தேதான் கிடந்தது. இப்படி ஒரு சமயத்துக்காகத்தான் என் மகள் அதில் குரல் உதவியாளரை வைத்துக் கொடுத்திருந்தாள். கையால் தொடவேண்டாம். அதற்கென்று உள்ள இரண்டு சொல்லைச் சொன்னால் போன் விழித்துக்கொள்ளும். பிறகு யாரைக் கூப்பிடவேண்டுமோ சொன்னால் போதும்.

சொன்னேன். மெதுவாக, பிறகு தெளிவாக, பிறகு தொண்டை கிழிய. கதவுக்குள்ளே மேடையின் ஒரு மூலையும் போனின் கறுத்த திரையும் தெரிந்தன. திரையில் வெளிச்சம் வரவில்லை. வலியைவிட அந்தக் கறுப்புதான் என்னைப் பயமுறுத்தியது.

சத்தம் கேட்டு வந்தது போன் இல்லை, என் ஓர்ப்படி. என் கணவரின் தம்பி மனைவி. எங்கள் தெருவான வலியசாலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், பின்கட்டு மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. அவள் அதைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"மன்னி! என்னது இது? யாரைக் கூப்பிட்டு இப்படி அலறினேள்?"

போனை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "உன்னைத்தான்" என்றேன்.

அவள் தன் போனைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள், இரண்டு கையாலும் என் தோளைத் தாங்கிக்கொண்டாள். அப்படியே கல்லைப் பார்த்து அந்த இரண்டு சொல்லைச் சாதாரணமாகச் சொன்னாள், கடைக்காரரிடம் உப்பு கேட்கிற மாதிரி. போன் உடனே ஒளிர்ந்தது. என் மகளின் பெயரைச் சொன்னாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள் மகள்.

"சொல்லு சித்தி."

கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தபோது என் மனது எங்கே இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "சொல்லு சித்தி" என்ற அந்தக் குரலில் இருந்த சுருக்கத்தில் இருந்தது. தினமும் பேசிக்கொள்கிறவர்கள்தான் அப்படி எடுப்பார்கள். நான் போன் செய்தால் அவள் "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

இந்தப் பொறாமைக்கு இரண்டு மாத வயது. என் கணவருக்குப் பாலக்காட்டில் வங்கி வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். மகளுக்கு நகரத்தின் மறுகோடியில், கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை, அங்கேயே இரண்டு பெண்களோடு வாடகை பிளாட். ஆக வார நாட்களில் கல்லூரி நூலக வேலை முடிந்து வந்தால் வீட்டில் நான் மட்டும். மகளுக்கு அது பிடிக்கவில்லை. "போன் உனக்கு வழங்கித்துன்னா, நீ சொல்றதைக் கேட்டுதுன்னா, தனியா இரு. இல்லைன்னா சித்தி ஆத்துல போய் இரு" என்று கட்டளை போட்டிருந்தாள். அதாவது என் வீட்டைப் பூட்டிவிட்டு, மாற்றுப் புடவையோடு ஓர்ப்படி வீட்டு மாடியறைக்கு. பதினெட்டு வருஷம் முன்னால் அந்த வீட்டுக்குக் குடிவந்தவளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தவள் நான்.

என் போன் ஒருநாளும் என் குரலுக்கு எழவில்லை, சரியாகிவிடும் என்று மகளிடம் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். ஓர்ப்படியின் போனில் எல்லாம் நடந்தது. நடுச்சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும். "ஏழு நிமிஷம் டைமர் வை" என்பாள், வைக்கும். "இன்னிக்கு மழை உண்டா?" என்பாள், சொல்லும். ஒருநாள் அதனிடம் ஏதோ கேட்டுவிட்டு அவள் தனியாகச் சிரித்தது கேட்டது. நான் இந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அரைமூடியோடு நிறுத்திவிட்டேன்.

மகள்தான் அவளுக்கும் அதை வைத்துக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம். எனக்கு வைத்துக் கொடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கணக்கு எனக்கு மறக்கவே இல்லை.

மறுபடி காலையின் கதைக்கு வருகிறேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் ஓர்ப்படி. எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது, கட்டுப் போட்டு மூன்று வாரம் கால் ஊன்றக்கூடாது என்றார்கள். திரும்பும்போதே மகள் ஓர்ப்படியின் போனில் வந்தாள். காலையில் ஓர்ப்படி கூப்பிட்டபோது, ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருந்தாளாம்.

"அம்மா, கிளம்பிட்டேன். பைபாஸ்ல பிளாக் இருக்கும், லேட்டாகும். சித்தி, அம்மாவை நேரா உன் ஆத்துக்கே கொண்டு போயிடு. இனிமே அங்கேதான்."

"என் ஆத்துக்குத்தான் போறேன்" என்றேன் நான்.

"போன் கேக்கலையேம்மா!"

"நீ வரதுக்குள்ள கேக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. சொல்லிவிட்டேன். ஓர்ப்படி வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள். சிரிப்பை அடக்கினாள் என்று நினைத்தேன்.

கூடத்துச் சோபாவில் என்னைச் சாய்த்து, காலுக்குக் கீழே இரண்டு தலையணை கொடுத்து, காப்பி கலந்து வந்து, என் போனோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். "காட்டுங்கோ, பார்க்கலாம். மைக் சரியா இருக்கா?"

"நேத்து இவரோட அரைமணி பேசினேன். அவருக்கு நன்னாக் கேட்டுதே. மேலேருந்து இழுத்தா மைக்னு ஒரு பொத்தான் வரது. அதுவும் ஆன்லதான் இருக்கு. உன் பொண்ணு ஃபோன்ல சொல்லி அதைப் பார்த்தாச்சு." கோபத்தில் 'உன் பொண்ணு' என்று வந்துவிட்டது. அவள் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

"அது மொத்தப் போனுக்கு. ஆப் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அனுமதி இருக்கு, மன்னி." செட்டிங்ஸில் அனுமதிகள், அதற்குள் மைக்ரோபோன். அனுமதி உள்ள செயலிகள் மேலே, இல்லாதவை கீழே. கீழே இருந்த பட்டியல் நீளமாக இருந்தது.

"யார் இத்தனைக்கும் வேண்டாம்னு போட்டது?"

நான்தான். போன் நாம் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்கிறது என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பயந்துபோய் ஒரு மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுத்தேன். தேடுவதற்கான செயலிக்கும் மறுத்தேன். எழுத்தில் தேடுகிறவளுக்கு மைக் எதற்கு? குரல் உதவியாளர் அதே செயலியின் வழியாகத்தான் கேட்கிறது என்பது எனக்குத் தெரியாது.

"முப்பது வருஷமா புஸ்தகத்துக்கு நம்பர் போடறேள். இதை ஒருதரம் படிச்சுப் பார்த்திருக்கலாமே" என்று சொல்லி அவள் அனுமதியை மாற்றினாள். "இப்ப கூப்பிடுங்கோ."

கூப்பிட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது.

அவள் மறுபடி தேடினாள். பேட்டரி சேமிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நான்தான் எப்போதும் போட்டே வைத்திருந்தேன், கரெண்ட் போனால் சார்ஜ் நிற்கவேண்டும் என்று. "இது ஓடினா போன் காதைப் பொத்திண்டுடும்" என்று அணைத்தாள். கூப்பிடு சொல்லுக்கான பொத்தானைத் திறந்து பார்த்தாள், அணைந்திருந்தது. அதையும் போட்டாள்.

கூப்பிட்டேன். இல்லை. இன்னொரு தடவை, இல்லை.

"எனக்கு இதுக்கு மேல தெரியாது மன்னி." போனை என் மடியில் வைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், காலையில் என்னைத் தூக்கியபோது அவள் முழங்கையும் கல்லில் சிராய்த்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் காட்டவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது. நல்லவளாக இருப்பதிலும் அவள்தான் முந்திக்கொள்வாள்.

"மாடியறையில ஃபேன் நன்னா ஓடும்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க வரணும்னு நான் அவகிட்ட சொல்லலை. அதை மட்டும் நம்புங்கோ."

போனை முகத்தருகே வைத்துக்கொண்டு அந்த இரண்டு சொல்லை மெல்ல, கெஞ்சுகிற மாதிரி சொன்னேன். ஓர்ப்படி எழுந்து காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் கெஞ்சுவதைப் பார்க்கவேண்டாம் என்றுதான் போயிருப்பாள்.

மணி பதினொன்றரை இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம். தோள்பையோடு மகள் நிலைப்படியில் நின்றாள், தூங்காத கண்கள். என் காலைப் பார்த்தாள், மடியில் இருந்த போனைப் பார்த்தாள். என்ன நடந்துகொண்டிருந்தது என்று புரிந்திருக்கவேண்டும். வாசலிலிருந்தே, அலுப்போடு, அந்த இரண்டு சொல்லைச் சொன்னாள்.

என் மடியில் போன் ஒளிர்ந்தது.

அடுக்களை வாசலில் ஓர்ப்படி டம்ளரோடு நின்றுவிட்டாள். "இவ்வளவு நேரமும் கூப்பிட்டோமே! உனக்கு மட்டும் எப்படிடீ?"

மகள் பையை இறக்கினாள். எனக்கு அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. என் மாமனார் திவசத்தன்று அவள் என் போனோடு அடுக்களைக்கு வெளியே நின்றாள். நான் உள்ளே மடிப் புடவையில் சமைத்துக்கொண்டிருந்தேன். அவளைத் தொடக்கூடாது, போனைத் தொடக்கூடாது, பிதுர்களுக்கு ஆகிற சமையல்மேல் வாயைத் திறந்து பேசவும் கூடாது. "இது உன் குரலைப் பதிஞ்சுக்கணும்மா, சொல்லேன்" என்று அவள் போனை நீட்டினாள். வேண்டாம், நீயே சொல்லிவிடு என்று கரண்டியால் சைகை காட்டினேன். பத்து நிமிஷம். ஓர்ப்படிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, அவள் வாயாலேயே சொல்லவைத்ததால்.

மகள் வந்து தரையில், என் தலையணைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செட்டிங்ஸைத் திறந்து, அன்று என் குரலுக்குப் பதிலாகப் பதிந்திருந்த தன் குரலை அழித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"அதுக்கப்புறம் உன் குரலைப் பதிய நான் இன்னொரு நாள் வந்திருக்கணும். வரலை" என்றாள். பிறகு போனை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இப்ப நீ சொல்லும்மா. அது எத்தனை தடவை கேட்டாலும் சொல்லு. சித்தி ஆத்துக்குப் போறதா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம், இன்னிக்கு நான் லீவு."