ஒரே க்ளிக்கில் காணாமல் போன பேச்சு

கத்திரி அக்கா கண்ணை மூடிக்கொண்டே வீடியோ வெட்டுவாள். அவள் வெட்டினால் அழுகிற பிள்ளையும் படத்தில் சிரிக்கும். சரி, கொஞ்சம் அளந்துவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் வெட்டுவாள், பிள்ளையும் அழத்தான் செய்யும். ஆனாலும் அந்த ஸ்டூடியோவின் கல்யாணப் படம் ஒவ்வொன்றும் அவள் கையால்தான் உருவானது.

ஸ்டூடியோ அவளுடைய அண்ணனுடையது. ஒருநாள் அவர் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த ஏஐ மென்பொருள் விளம்பரத்தப் பாரு. ஒரே க்ளிக், முழுப் படமும் தயார். எடிட்டரே வேண்டாமாம். சந்தா கட்டிடலாம்னு இருக்கேன். நீ முன்னறையில உக்காந்து போன் எடு."

"என் நாற்காலிய ஒரு க்ளிக்குக்குத் தாரைவார்க்கிறியா? ஒருதடவ இலவசம்னு போட்டிருக்கே, என் கண்ணு முன்னாடி ஓட்டு."

அப்போது கையில் இருந்தது ஒரு கல்யாணம். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. இருவரும் சைகை மொழியில்தான் பேசுவார்கள். மூன்று கேமராவில் எடுத்த அத்தனையையும் அண்ணன் அந்த மென்பொருளில் ஏற்றினார்.

மூன்று கேமராவின் ஒலியையும் ஒப்பிட்டு, காட்சிகளை அது நேரம் தவறாமல் பொருத்தியது. ஆடியதையும் மங்கியதையும் ஒதுக்கியது. பொண்ணின் மாமா மேடையில் பேசியதைப் பெரும்பாலும் சரியாகவே எழுத்தாக்கியது, ஊர் பேரை மட்டும் சொதப்பியது.

"கழுத்த ஒடிக்கிற வேலைய இது செய்யட்டும், எனக்கு வருத்தமே இல்ல," என்றாள் அக்கா. "முழுப் படத்த ஓட்டு."

மாமாவின் பேச்சு வந்தது. இருமல் வந்தது. நாற்காலி இழுபடும் சத்தமும் வந்தது. மணமக்கள் எதிரெதிரே நின்று கைகளால் சொன்ன உறுதிமொழி மட்டும் வரவேயில்லை.

"எங்க போச்சு?" என்றார் அண்ணன்.

"சத்தமில்லாத இடமெல்லாம் குப்பைன்னு தூக்கிப் போட்டிருக்கு. கல்யாணமே அங்கதான் இருந்துச்சு!"

"அமைதிய வெட்டாதேன்னு மாத்திட்டா?"

"மாத்திக்கோ. காலி மேடையும் சேர்ந்து வரும். இதுல எது கல்யாணம், எது வெறும் மேடைன்னு அதுக்கு யார் சொல்றது? நான் எழுந்திரிக்க மாட்டேன், போ."

அண்ணன் தலையைச் சொறிந்தார். பொருத்துவது, ஒதுக்குவது, எழுத்தாக்குவது என்ற மூன்று வேலையை மட்டும் செய்கிற மலிவான சந்தா போதும், நாற்காலி அவளுக்கே என்று ஒப்புக்கொண்டார். அக்கா உறுதிமொழியைத் தானே வெட்டித் தொடுத்தாள்.

பொண்ணு தன் தங்கையோடு படம் பார்க்க வந்தாள். அக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

"உங்க கை பேசினதுல ஒண்ணு கூட விடல."

தங்கை அதைக் கையால் சொன்னாள். பொண்ணு பார்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லிக் கைகளைச் சரசரவென்று வீசினாள்.

தங்கை சிரிப்பை அடக்கினாள். "நீங்க மாப்பிள்ளை முகத்துக்குப் போன இடத்துல எங்கக்கா இன்னும் பேசிட்டுதான் இருந்தாளாம். பாதியிலயே கைய வெட்டிட்டீங்களாம். சமையல் உன்னோட வேலைன்னு அவர்கிட்ட சொன்னது அங்கதானாம். அது படத்துல இருந்தே ஆகணுமாம்."