கொடுக்காத தேத்தண்ணி

தன் பெயரில் நாலு வரி எழுதச் சொன்னால் சாம்பவிக்குப் பேனா ஓடாது. அடுத்தவர் பெயரில் என்றால் துள்ளும். வெள்ளவத்தையில் இருந்தபடி, கொட்டாஞ்சேனையில் மசாலாத்தூள் கம்பனி நடத்தும் நப்ரீஸுக்காக வாரம் ஒரு பேஸ்புக் பதிவு எழுதிக் கொடுப்பாள். மனுசனுக்கு மூச்சுவிட நேரமில்லை. செவ்வாய்க்கிழமை கால் மணி நேரம் போனில் பேசுவார். அவர் சம்மதத்தோடு அவள் ஒலிப்பதிவு செய்வாள். "இந்தக் கிழமை ஆரோட கோபம் வந்தது, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பாள். அவர் கொட்டுவதை அவர் சொற்களிலேயே கோத்து அனுப்புவாள். அவர் சரி சொன்னால்தான் பதிவு ஏறும். அவர் சொல்லாத எதையும் சேர்ப்பதில்லை என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம்.

ஒரு செவ்வாய் அவர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார். சாம்பவி பழைய ஒலிப்பதிவுகளைத் துழாவினாள். ஹுசைன் என்ற தொழிலாளி நானூறு பைக்கற்றில் லேபலை மாற்றி ஒட்டிய கதை ஒன்று கிடைத்தது. நடுவில் வேறு அழைப்பு வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. மிச்சத்தை அவரிடமே கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லை. இவர் குரல் எனக்குத் தெரியாதா என்ற திமிர். 'நான் ஏசல்ல. ஒரு தேத்தண்ணி குடுத்து, நாளைக்கு வாங்க எண்டேன்' என்று முடித்து அனுப்பினாள். நப்ரீஸ் பெருவிரல் குறி ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

பதிவு பறந்தது. நூற்றுக்கணக்கில் பாராட்டு. அவற்றுக்குக் கீழே ஹுசைன் எழுதியிருந்தான்: "சேர், அந்தத் தேத்தண்ணி எனக்குக் கிடைக்கல்லயே."

சாம்பவி அதை இரண்டு தரம் வாசித்தாள். உடனே போன் எடுத்தாள்.

"நானா, முடிவு நான் கட்டினது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எல்லார் முன்னுக்கும் ஏசி, அண்டைக்கே வேலைய விட்டு அனுப்பினேன், தங்கச்சி."

"நீங்கள் வாசிக்காமல் சரி சொன்னனீங்களாக்கும்."

"வாசிச்சேன். நல்லா இருந்திச்சி. அப்பிடி நடந்தமாதிரியே விட்டுட்டேன்."

தன் பொய்க்குள் இன்னொருவரையும் இழுத்துவிட்டதை நினைக்க அவளுக்குக் கூசியது.

"நான்தான் எழுதினனான் எண்டு போடட்டா?"

"வாணாம். என்ட பேர்ல வந்தது என்ட பொய்தான். ரெக்கோடப் போடுங்க, நடந்ததச் சொல்றேன்."

அவர் சொன்னார். எங்கே நிறுத்தினாரோ அங்கே அவளும் நிறுத்தினாள். ஹுசைனைக் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு புதிய பதிவு ஏறியது. 'தேத்தண்ணி நான் குடுக்கல்ல. ஏசினேன். பொய் சொன்னேன்.'

கீழே வசை குவிந்தது. சாம்பவி ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை.