முதல் வரி

நாங்கள் கோயமுத்தூரிலிருந்து புனே வந்து சாங்வியில் குடியேறிய சில ஆண்டுகளில், கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஒரு சிறிய கைபேசி வாங்கிக் கொடுத்தோம். எனக்கும் ஒன்று. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பப் பழகிக்கொண்டேன். எதை அனுப்பினாலும், "சாப்பிட்டியா கண்ணு? வெயில் ஜாஸ்தி, தண்ணி குடி" என்றுதான் ஆரம்பிப்பேன். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்ல வாய் வராது. கெட்ட சேதி என்றால் இன்னும் வராது.

"அம்மா, உன் மெசேஜ் ரயிலாட்டம். சங்கதி கடைசில, கார்டு பெட்டியிலதான் வரும்," என்று மகள் கேலி செய்வாள்.

"வாய் ரொம்பத்தான் நீளுது உனக்கு. படிக்க நேரமில்லாத மகாராணி!" என்பேன்.

ஒரு நாள் காலை, என் கணவரின் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பேச்சு குழறினாலும், "பாப்பா வந்துட்டாளா?" என்று கேட்டது தெளிவாகவே புரிந்தது.

மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை, லேபில் இருந்தாள். வார்டு வாசலில் நின்று சேதி அடித்தேன். "சாப்பிட்டியா கண்ணு? வெயில் ஜாஸ்தி, தண்ணி குடி. கிளாஸ் எப்படிப் போகுது? பதறாதே. அப்பாவுக்கு ஒடம்பு செரியில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். உடனே வா."

அந்தக் கைபேசியில் ஒரு தடவைக்கு நாலைந்து வரிதான் தெரியும். மிச்சத்தைப் படிக்கக் கீழே தள்ள வேண்டும். மேஜைக்கு அடியில் வைத்துத் திறந்தவள் சாப்பாட்டையும் வெயிலையும் பார்த்துவிட்டு மூடிவிட்டாள்.

"பாப்பா?" என்று இன்னும் இரண்டு தடவை கேட்டார். "வந்துட்டே இருக்கா," என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன். மத்தியானத்துக்குள் குழறலும் நின்றுவிட்டது.

நான் விடாமல் கூப்பிட்டிருப்பதை லேப் முடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறாள். ஓடி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான்தாம்ப்பா," என்றாள். அவர் பார்த்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. இரண்டு வருஷம் இருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ தினமும் அப்படித்தானேம்மா ஆரம்பிப்பே," என்று அவள் ஓடி வந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னாள். குற்றம் சாட்டும் குரலில்லை. சாட்டியிருக்கலாம்.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். "அவசரமில்ல. பஸ் லேட்" என்றுதான் சேதி வருகிறது. அந்த முதல் சொல்லைப் படிக்கும் வரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நானும், "அவசரமில்ல. வரும்போது பால் வாங்கிட்டு வா" என்று எழுதுகிறேன். சாப்பிட்டியா என்பதைக் கடைசியில் வைக்கிறேன். சில நாள் அதை அழித்துவிட்டே அனுப்புகிறேன்.